பணம் எந்தத் தேதியில் வரும்?

வாடிக்கையாளருக்கு அனுப்பும் பதிலை மெய்ப்புப் பார்ப்பது என்றால் ஒற்றுப்பிழை திருத்துவது என்றே பலர் எண்ணுகின்றனர். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு வரைவில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆயினும் அதை அப்படியே அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

வாடிக்கையாளர் நவம்பர் 6, வியாழக்கிழமை மளிகைக் கடையில் யுபிஐ வழியே 1,850 ரூபாய் செலுத்தியிருந்தார். கணக்கில் பணம் கழிந்தது. கடைக்காரருக்கோ உறுதிச் செய்தி வரவில்லை. ரொக்கம் கொடுத்துப் பொருளை வாங்கிச் சென்றவர், மறுநாள் புகார் அளித்தார். சேவைப் பணியாளர் எழுதிய பதில் இது: "தங்கள் தொகையைத் திருப்பியளிக்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டுள்ளது. 5 முதல் 7 வேலைநாள்களுக்குள் வரவு வைக்கப்படும்."

எந்த நாளிலிருந்து எண்ணுவது? புகார் அளித்த வெள்ளிக்கிழமைக்குப் பின் எண்ணத் தொடங்கினால், 8ஆம் தேதி இரண்டாம் சனி, 9 ஞாயிறு. இவை இரண்டும் கழிய, ஏழாம் வேலைநாள் நவம்பர் 17இல் வந்து நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்வது வேறு. இத்தகைய கடைப் பரிவர்த்தனையில் பணம், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானே திரும்பியாக வேண்டும். புகார் நாள் கணக்கில் இல்லை, விடுமுறையும் கழிக்கப்படுவதில்லை. ஆகவே கடைசி நாள் நவம்பர் 11. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை வாடிக்கையாளர் கேளாமலே வங்கி வரவு வைக்க வேண்டும். 17ஆம் தேதிதான் பணம் வந்ததென்றால் அது 600 ரூபாய். வரைவை நம்பியவர் அந்த ஆறு நாள் தாமதத்தைத் தாமதம் என்றே அறியமாட்டார்.

"நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டுள்ளது" என்பதும் இடறுகிறது. பணம் புறப்பட்டுவிட்டதா, புகார் மட்டும் பதிவாயிற்றா? படிப்பவர் முன்னதையே கொள்வார். கணக்கைத் திறந்து பார்த்தேன். பணம் அன்றுவரை திரும்பியிருக்கவில்லை. திரும்பியிருந்தால் இந்தப் பதிலே வேண்டியதில்லை. (வரைவு எழுதுவோர் பலர் இதைப் பார்ப்பதில்லை.)

திருத்திய பதில் இவ்வாறு சென்றது: "நவம்பர் 6 அன்று தாங்கள் செலுத்திய ரூ. 1,850 கடைக்குச் சென்று சேரவில்லை. நவம்பர் 11, செவ்வாய்க்கிழமைக்குள் தங்கள் கணக்கிற்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 சேர்த்து வரவு வைப்போம்."

தேதியிட்டு எழுதுவது வங்கியைச் சிக்க வைக்கும் என்று ஒரு சக அலுவலர் தயங்கினார். சிக்க வைப்பது தேதியன்று, விதி. நாம் எழுதாவிட்டாலும் அது நம்மைக் கட்டுப்படுத்தும். அவர் தயக்கம் பொருந்துவது வேறோரிடத்தில். கடைக்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பின்னர் பொருளைத் திரும்ப வாங்கியிருந்தால், அது தோல்வியுற்ற பரிவர்த்தனை ஆகாது. மேற்சொன்ன கெடுவும் பொருந்தாது. அவர் அனுப்பும்வரை வங்கியால் தேதி சொல்ல இயலாது. அப்போது, "கடைக்காரர் இன்னும் பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை, அனுப்பியதாகக் கூறினால் அதற்குரிய 12 இலக்கக் குறிப்பெண்ணைக் கேட்டுப் பெறுங்கள்" என்றுதான் எழுத வேண்டும். அங்கும் "5 முதல் 7 வேலைநாள்" என்று எழுதியனுப்பிய கடிதங்களை நான் கண்டிருக்கிறேன்.