குட்டிக்கு வேண்டாம், குட்டி எடுத்தவருக்குக் குடுங்கோ

ஆராவது நாய்க்குட்டி எடுத்து வளர்க்கத் தொடங்கினால், பார்க்கப் போற நாங்கள் வெறுங்கையோட போறதில்லை. கழுத்துப் பட்டி, மணி, பந்து, ஒரு பெட்டி பால் எண்டு எதையாவது கொண்டு போறம். எல்லாம் குட்டிக்குத்தான். அந்தப் பசுப்பாலைக் குடிச்சுக் குட்டிக்கு வயித்தால போனால், ரெண்டு மணிக்கு எழும்பி நிலம் துடைக்கப் போறது எங்கட நண்பர்தான். பரிசு அவருக்குத்தான் தேவை, அதிலையும் எங்கட நேரம்தான் தேவை எண்டுறது எங்கட கருத்து.

ஏன் நேரம்? சின்னக் கணக்கு ஒண்டு இருக்கு. குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோட ஒண்டைக் கூட்டினால், பகலில் அது சிறுநீரை அடக்கக்கூடிய ஆகக்கூடிய மணித்தியாலம் கிட்டத்தட்ட வரும். ரெண்டு மாதக் குட்டிக்கு மூண்டு மணித்தியாலம். நித்திரையில கொஞ்சம் கூடத் தாங்கும், விளையாடும்போது அதுவும் தாங்காது.

எங்கட வட்டத்தில் ஒருத்தி திருநெல்வேலியில் அறை எடுத்துத் தனிய இருக்கிறா. தெருவில் கிடந்த ரெண்டு மாதக் குட்டியைக் கொண்டுவந்தா. காலமை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் பின்னேரம் ஐந்துக்குத்தான் வருவா. ஒன்பது மணித்தியாலம். குட்டியால் அது ஏலாது. இரவில் பத்தரைக்கு, ஒண்டரைக்கு, நாலரைக்கு எண்டு மூண்டு தரம் எழும்பினா. குட்டி அழுதால் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டுவா. ஐஞ்சாம் நாள், “இதை எங்கையாவது விட்டிட்டு வரட்டோ” எண்டு கேட்டா. ஈரநெஞ்சுக்காரர் கொண்டுவந்த குட்டி திரும்பவும் சந்தைக்குப் போறது அனேகமாக இந்த இடத்திலதான். ஆளுக்கு அன்பு குறையேல்லை, நித்திரைதான் குறைஞ்சது.

அறைத் திறப்பில் ஒண்டை வாங்கிக்கொண்டு நாங்கள் மூண்டு பேர் முறை போட்டம். ஒராள் பதினொரு மணிக்கு, இன்னொராள் ரெண்டு மணிக்கு. ஒருக்காப் போனால் இருபது நிமிசம். போனதும் குட்டியை ஒரே மூலைக்கு வெளியில் கொண்டு போறது, மத்தியானச் சாப்பாடு வைக்கிறது, சாப்பிட்டு முடிய இன்னொருக்கா வெளியில் விடுறது, நனைஞ்ச பேப்பரை மாத்துறது. வெள்ளியும் சனியும் இரவில் ஒருத்தி அங்க தங்கி ஒண்டரை மணி முறையை எடுத்தா. குட்டிக்காரி தொடர்ந்து ஆறு மணித்தியாலம் படுத்தா. இது காலம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலையில்லை. முதல் நாலு கிழமைதான் கஷ்டம். நாலு மாதமானால் குட்டி ஐந்து மணித்தியாலம் அளவில் தாங்கும், பகலில் ஒராள் போனாலே காணும்.

ஆனால் இந்தப் பரிசில் ஒரு ஆபத்தும் இருக்கு. பார்வோ எண்ட வைரஸ் குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலைக் குடுத்துக் கொல்லும். அது மண்ணில் மாதக்கணக்கில் உயிரோட இருக்கும், எங்கட செருப்பிலையும் வரும். தடுப்பூசி ஆறு தொடக்கம் எட்டு கிழமை வயதில் தொடங்கி, மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்காப் போட்டு, பதினாறு கிழமையளவில்தான் முடியும். அதுவரைக்கும் செருப்பை வாசலுக்கு வெளியில் விட்டு, கை கால் கழுவிப்போட்டு உள்ள போங்கோ. நாய் வளர்க்கிற வீட்டிலிருந்து போறவை உடுப்பையும் மாத்திறது நல்லது. காசு குடுக்க விருப்பமெண்டால் ஒரு ஊசியின்ர செலவைப் பொறுப்பெடுத்து, அந்தத் திகதியில் ஓட்டோ பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போங்கோ.

கடைசியா, கடி. இந்த வயதுக் குட்டி விளையாட்டுக்கே கடிக்கும், பல்லு ஊசி மாதிரி. “குட்டிதானே” எண்டு நண்பர் விட்டிடுவார். தெருவிலிருந்து வந்த குட்டிக்கும் விசர் நோய் இருக்கலாம். தோல் கிழிஞ்சால், சின்னக் கீறலெண்டாலும், ஓடுற தண்ணியில் சவுக்காரம் போட்டு பதினைந்து நிமிசம் கழுவி, அண்டைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். அங்க ஊசி இலவசம். ஆனால் வரிசையில் நிக்க வேணும், சொன்ன திகதிகளில் திரும்பத் திரும்பப் போக வேணும். தனிய இருக்கிறவர் ரெண்டாம் ஊசியோட நிப்பாட்டுறது இதாலதான். விசர் நோயின் அறிகுறி வந்த பிறகு காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால் அவரோட கூடப் போறதும், அந்த நேரம் குட்டியைப் பார்க்கிறதும் பெரிய பரிசு.

மணி கட்டின பட்டி ரெண்டு மாதத்தில் கழுத்துக்குச் சின்னனாகிடும். அதை வாங்க முதல், “எந்த நேரம் உனக்கு ஆள் தேவை?” எண்டு ஒருக்காக் கேளுங்கோ. பதிலில் வாற நேரத்தை அலாரத்தில் வையுங்கோ.