மி-ந்யோ அல்ல, 'CC' சொன்னது அது

போன வாரம் என் தங்கச்சி ஒரு 'ஸ்குவிட் கேம்' வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வசனம் பிழை. ஆனால் பிழை அவளுடையது அல்ல.

2021இல் அந்தத் தொடர் வந்தபோது, கொரிய மொழி தெரிந்த நகைச்சுவைக் கலைஞர் யங்மி மேயர் டிக்டாக்கில் ஒரு முறைப்பாடு வைத்தார். மி-ந்யோ என்ற பெண் தன்னோடு சேர்ந்து விளையாடும்படி மற்றவர்களைக் கேட்கும் காட்சி. திரையில், தான் மேதை இல்லை, ஆனாலும் சமாளித்துவிடுவேன் என்ற மாதிரி ஆங்கிலம் ஓடியது. அவள் உண்மையில் சொல்வது அதற்கு நேர்மாறு: தான் பெரிய கெட்டிக்காரி, படிப்புத்தான் இல்லை. ஏழை, ஆனால் மூளைசாலி. அந்தப் பாத்திரமே அதுதானே!

பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேயர் பார்த்தது `English [CC]`. பக்கத்திலேயே வெறும் `English` என்று இன்னொன்று இருந்தது. அது எவ்வளவோ மேல் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

இரண்டும் ஒன்றல்ல. சப்டைட்டில் என்பது காது கேட்கும், ஆனால் மொழி தெரியாத ஒருவருக்கு. மொழிபெயர்ப்பாளர் கொரிய வசனத்தைக் கேட்டு, இரண்டு வரிக்குள் அடக்கி எழுதுவார். குளோஸ்ட் கேப்ஷன் காது கேளாதவருக்கு. கதவு சாத்தும் சத்தம், யார் பேசுகிறார்கள் என்பதெல்லாம் சதுர அடைப்புக்குள் வரும். அது கேட்கும் ஒலியை அப்படியே எழுத வேண்டும். ஆங்கில CCக்கு அந்த ஒலி ஆங்கில டப்பிங். டப்பிங் எழுதுபவரோ நடிகையின் வாயசைவுக்கும் நீளத்துக்கும் ஏற்றபடி வசனத்தை மாற்றுவார். ஆக, கொரிய ஒலியோடு CCயைப் போட்டால், நீங்கள் வாசிப்பது வேறொரு நடிகை பேசியதை.

கண்டுபிடிப்பது சுலபம். ஒலியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எழுத்தும் பேச்சும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால், அது டப்பிங் பிரதி.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். மேயர் கொடுத்த திருத்தத்தில், படிக்க 'வாய்ப்புக் கிடைக்கவில்லை' என்று இருந்தது. கொரியத்தில் மி-ந்யோ வாய்ப்பைப் பற்றிப் பேசவில்லை. தான் படிக்கவில்லை, அவ்வளவுதான், மூளை என்றால் சும்மா இல்லை என்கிறாள். குறை கேட்கும் குரல் அல்ல, அலட்டல். `English` சப்டைட்டில் அந்த அலட்டலைப் பிடித்திருந்தது. ஆனால் செய்திகளில் பரவியது மேயரின் வரி. இப்போது அதையும் பலர் 'உண்மையான வசனம்' என்று எடுத்துப் போடுகிறார்கள்.

என் கருத்து கொஞ்சம் கறார்தான்: மொழிபெயர்ப்பை மேற்கோள் குறிக்குள் போட்டால், எந்தத் தடத்திலிருந்து எடுத்தது என்றும் போட வேண்டும். CCயைத் திட்டுவது நியாயமில்லை; அது ஆங்கில டப்பிங்கை எழுதச் சொன்ன வேலையைச் சரியாகவே செய்தது.

தங்கச்சிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "அண்ணா, அது மீம்" என்று பதில் வந்தது.