எம்மாவு வழியில் ஒரு கேள்வி



லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவுக்குச் செல்லும் இரு சீஷர்களின் வழிப்பயணத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அங்கே ஆண்டவர் செய்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவர்களோடு நடந்தார். பின்பு, என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். யாவும் அறிந்தவராயிருந்தும், கிலெயோப்பாவும் மற்றவரும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அதற்குப் பின்புதான் வேதத்தை விளக்கினார். கிராமம் வந்தபோது தம் வழியே தொடர்ந்து செல்பவராய்க் காணப்பட்டார். அவர்கள் வருந்தி அழைத்த பின்பே உள்ளே சென்றார்.

மனமுடைந்த அந்நியரை அணுக இதைவிடச் சிறந்த முறை இல்லை என்பது என் கருத்து. நாமோ பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறோம். கேட்பதற்கு முன்பே பேசுகிறோம், அனுமதியின்றித் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறோம்.

நம் திருச்செங்கோடு பேருந்து நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். மாலை நேரத்தில் ஒரு பெண் பையோடு அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் பேருந்துகள் வந்து போகின்றன, அவர் எழவில்லை. கைப்பேசி ஒலிக்கிறது, எடுக்கவில்லை. கண்ணீர் இல்லாவிட்டாலும் இவை போதுமான அடையாளங்கள்.

நீங்கள் ஆணாயின், அருகிலுள்ள பூக்கார அம்மாவையோ உங்கள் மனைவியையோ உடன் அழையுங்கள். எதிரே நின்று குனிந்து பார்க்க வேண்டாம். ஓர் இருக்கை இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் அமருங்கள். எழுந்து போக அவருக்கு வழி இருக்கட்டும். சாதாரணக் கேள்வி ஒன்றே போதும்: "ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்கீங்களேம்மா, எந்த ஊருக்குப் போகோணுமுங்க?" அழுவது ஏன் என்று கேட்டால் அவர் விளக்கம் தரவேண்டியவராகிறார், ஊரைக் கேட்டால், விரும்பிய அளவு மட்டும் பேசலாம்.

"ஒண்ணுமில்லீங்க" என்று அவர் சொன்னால் அதை மதியுங்கள். "சரிங்கம்மா, நான் அந்த டீக்கடையிலதான் நிற்கிறேன், ஏதாச்சும் வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லி விலகுங்கள். சற்று நேரம் கழித்து ஒருமுறை மட்டும் திரும்பிச் செல்லலாம். தண்ணீர் கொடுப்பதானால் மூடி திறக்காத புட்டியாகக் கொடுங்கள். முன்பின் அறியாதவர் தருவதைக் குடிக்கத் தயங்குவது நியாயமே.

அவர் பேசத் தொடங்கினால், "எல்லாம் சரியாயிடும்" என்று அவசரமாக முடித்துவிடாதீர்கள். நீங்களாகவே அவர் வீட்டுக்கு அழைத்துப் பேசவும் வேண்டாம். அவர் எந்த வீட்டை விட்டு ஓடிவந்தாரோ அதே வீடாக அது இருக்கலாம். "யாருகிட்ட பேசினா உங்களுக்கு நல்லாயிருக்குமுங்க?" என்று கேட்டு, அவரே தெரிந்துகொள்ளட்டும். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் உண்டு. அமர்ந்திருப்பது சிறுபிள்ளையாயின் உங்கள் வீட்டுக்குக் கூட்டிச் செல்லாமல் 1098-ஐ அழையுங்கள்.

"இனி இருந்து என்ன பயன்" என்ற வகையில் பேச்சு வந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை என்பதை மனநல ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டவரிடம் பாரத்தை இறக்கிவைக்க வழி பிறக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உடனடி ஆபத்தாயின் 112.

சிட்னி நகரில் கடலோரப் பாறை முனை ஒன்றின் எதிரே டான் ரிட்சி என்பவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயுள் காப்பீடு விற்றவர். மனநல மருத்துவர் அல்லர். பாறை ஓரத்தில் தனித்து நிற்பவரிடம் புன்னகையோடு சென்று, தாம் ஏதேனும் உதவலாமா என்று கேட்பார். தேநீர் அருந்த வீட்டுக்கு அழைப்பார். 2012-இல் அவர் மறைந்தபோது, குறைந்தது 160 பேர் அவரால் பிழைத்ததாகக் கணக்கிடப்பட்டிருந்தது. சிலரை அவரால் காக்க இயலவில்லை. நம் கேள்விக்கும் சில வேளைகளில் பதில் கிடைக்காது.

ஜெபம் எப்போது? அவர் பேசி முடித்த பின்பு, "உங்களுக்காக ஜெபிக்கட்டுங்களா?" என்று கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும், தாழ்ந்த குரலில். அவர் வேண்டாம் என்றால் வீட்டுக்கு வந்து உங்கள் அறையில் ஜெபியுங்கள், அதுவும் கேட்கப்படும்.

கடைசியாக ஒன்று. அவர் பேருந்து ஏறிப் போன பின்பு, அவருடைய கதையை ஞாயிறு ஆராதனையில் சாட்சியாகச் சொல்ல வேண்டாம். நம் ஊர் சிறியது. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுகொள்வார்கள். உங்களை நம்பி அவர் சொன்னது உங்களோடே இருக்கட்டும்.