காவேரியை நான்கு தடவை தாண்டும் வண்டி

“பத்து மணிக்கு மேல் பத்தரைக்குள் சாமான் வந்துவிட வேண்டும்” என்று வாடிக்கைக்காரர் சொல்வது சுலபம். அவருக்கு அது ஒரு சௌகரியம். ஆனால் அந்த ஒரு வார்த்தை, வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போவது, டிரைவர் எங்கே கைகட்டிக் காத்திருப்பது, யார் வீட்டுச் சாமான் அன்று திரும்பிப் போவது என்பதையெல்லாம் நிர்ணயித்துவிடுகிறது. நடுவில் காவேரி ஓடும் திருச்சியில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். பாலக்கரையில் ஒரு கிடங்கு. அங்கிருந்து ஒரு சிறு வண்டி நான்கு இடங்களுக்குப் போக வேண்டும்: தில்லைநகரில் ஒரு வீடு, உறையூரில் ஒரு கடை, பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் ஒரு கடை, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மெஸ். யாரும் நேரம் குறிக்காவிட்டால், இதே வரிசையில் போய்த் திரும்பி விடலாம். ஓட்டம் 85 நிமிஷம். இறக்குவதற்கு இடத்துக்குப் பத்து நிமிஷம். காலை 8.30க்குக் கிளம்பினால் 10.35க்குக் கிடங்கில் இருக்கலாம். பாலத்தைத் தாண்டுவது இரண்டே தடவை.

இப்போது நால்வரும் நேரம் குறிக்கிறார்கள். மெஸ்ஸுக்குச் சமையலுக்கு முன், ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள் வேண்டும். உறையூர்க் கடை திறப்பதே பத்து மணிக்கு. பத்தரைக்குள் வர வேண்டும். மாம்பழச்சாலைக்காரர் பதினொன்றரை முதல் பன்னிரண்டு என்கிறார். தில்லைநகர் வீட்டில் பன்னிரண்டரை முதல் ஒரு மணி. வண்டி முதலில் ஸ்ரீரங்கம் போய், உறையூருக்குத் திரும்பி, மறுபடி மாம்பழச்சாலைக்குப் போய், மறுபடி தில்லைநகர் வர வேண்டியதாகிறது. பாலத்தை நான்கு தடவை தாண்டுகிறது. ஓட்டம் 110 நிமிஷம்; சும்மா நிற்பது 115 நிமிஷம். கிடங்குக்குத் திரும்புகையில் மணி 12.55. அதே நான்கு மூட்டைக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம்! மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவராக இருந்தால், அந்த 115 நிமிஷமும் அவர் வயிற்றிலேதான் அடிக்கிறது.

“அப்படியானால் அரை மணி தாமதித்துக் கிளம்பட்டுமே!” என்று கேட்கலாம். ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் திரும்புவது அதே 12.55க்குத்தான், காத்திருப்பது அரை மணி குறைகிறது. ஆனால் மெஸ் வாசலில் சரியாக 9.30க்குத்தான் நிற்க முடியும். பாலத்தில் ஐந்து நிமிஷம் நெரிசலானால் கெடு தப்பிவிடும். முன்னால் போய்ச் சேர்ந்தால் காத்திருக்கலாம். பின்னால் போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருக்கும். ஆகவே காத்திருப்பது முழுவதும் வீண் அல்ல. அதில் கொஞ்சம், வழியில் வரும் தடங்கலுக்கு முன்கூட்டியே கட்டும் காப்புப்பணம். தேரோட்ட நாளில் சித்திரை வீதிகளுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது தெரியும். 1976ல் திறந்த காவேரிப் பாலம் 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு, 2023 மார்ச்சில்தான் திறந்தது. அந்த மாதங்களில் பழைய நேரக் கணக்கு எதுவும் செல்லுபடியாகவில்லை.

உலகெங்கும் ஆராயப்பட்ட சங்கதி இது. எண்ணெய் லாரிகளை எந்த வழியில் அனுப்புவது என்று டான்சிக், ராம்சர் என்ற இருவர் 1959ல் கணக்கிட்டார்கள். அதில் நேரக் கெடு இல்லை. கெடு சேர்ந்ததும் கணக்கு எவ்வளவு சிக்கலாகிறது என்பதைச் சோதிக்க, 1987ல் சாலமன் என்பவர் நூறு வாடிக்கைக்காரர் கொண்ட 56 மாதிரிக் கணக்குகளை வெளியிட்டார். இன்றும் புதிய முறைகளை அவற்றில்தான் உரைத்துப் பார்க்கிறார்கள்.

பரிகாரம் என்ன? எல்லாக் கெடுவையும் எடுத்துவிட வேண்டியதில்லை. மெஸ்ஸின் அடுப்புக்கும், உறையூர்க் கடையின் பூட்டுக்கும் நியாயமான காரணம் உண்டு. மற்ற இருவர் மட்டும் சற்றுத் தாராளம் காட்டட்டும். மாம்பழச்சாலைக்காரர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, தில்லைநகர்க்காரர் பத்து முதல் ஒன்று வரை எப்போது வந்தாலும் சரி என்றால், வண்டி ஸ்ரீரங்கம், மாம்பழச்சாலை, உறையூர், தில்லைநகர் என்று ஒரே சுற்றில் முடித்து 10.45க்குத் திரும்பிவிடும். காத்திருப்பது பத்தே நிமிஷம். பாலம் இரண்டே தடவை.

ஆகவே வியாபாரிகள், நேரத்தைக் கேட்டு வாங்கிய பின் வழியைத் தேடுவதை விட்டு, அகலமான நேரத்தைக் கேட்டு வழியை வகுத்துக்கொண்டு, பிறகு “இத்தனை மணி சுமாருக்கு வரும்” என்று முதல் நாளே சொல்லியனுப்புவது நல்லது. டிரைவரும் ஒவ்வோர் இடத்திலும் வந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் குறிக்கட்டும். முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் காத்திருந்தது. கெடு தொடங்குமுன் போய்க் காத்திருந்தால் குற்றம் திட்டத்துடையது; கெடுவுக்குள் போயும் தினம் காக்க வைத்தால் குற்றம் வாடிக்கைக்காரருடையது. இரண்டையும் பிரித்தறியாமல் டிரைவர் தலையில் பழியைப் போடுவது தர்மமல்ல.