மரத்தடியில் நின்று செய்மதியைத் தேடாதீர்கள்

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் இருந்து அல்கொன்குயின் பூங்காவுக்கு வள்ளமும் கூடாரமும் கொண்டு போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு எங்கள் நடைக்குழுவின் வேண்டுகோள் இது.

"ஐபோன் கையில இருக்குத்தானே, செய்மதியில மெசேஜ் போகும்" என்ற பேச்சை இப்போது ஒவ்வொரு பயணத்திலும் கேட்கிறோம். போகும்தான். 2022 நவம்பரில் செய்மதி வழி அவசரச் செய்தி அனுப்பும் இந்த வசதி கனடாவுக்கு வந்தது. ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்திய மாதிரிகளிலும் இருக்கிறது, 13-இல் இல்லை. ஆனால் என்ன நிலையில் போகும் என்று தெரியாமல் நாங்கள் ஒருமுறை நல்ல பாடம் படித்தோம்.

வள்ளத்தைத் தோளில் சுமந்து ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நடந்தபோது, எங்களில் மூத்த அண்ணர் ஈரவேரில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். முதலில் 911-ஐ அழைத்தோம். அழைப்பு போகவில்லை. அதற்குப் பிறகுதான் திரையில் 'Emergency Text via Satellite' என்ற பொத்தான் வந்தது. முதலில் 911-ஐ அழைக்கத்தான் வேண்டும். உங்கள் கம்பனியின் கோபுரம் இல்லாத இடத்தில்கூட வேறு கம்பனியின் கோபுரம் அந்த அழைப்பை எடுத்துக்கொள்ளலாம்.

என்ன நடந்தது, யாருக்கு உதவி வேண்டும் என்று போன் கேட்ட கேள்விகளுக்குத் தொட்டுத் தொட்டுப் பதில் சொன்னோம். பிறகு 'இடப்பக்கம் திரும்பு' என்று காட்டியது. திரும்பினோம். தொடர்பு வருவதும் அறுவதுமாக, ஹெம்லொக் மரங்களின் கீழ் பத்து நிமிடம் போய்விட்டது. கடைசியில் ஒரு தம்பி போனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினான். அங்கே ஒரு நிமிடத்துக்குள் செய்தி போய்விட்டது.

காரணம் எளிது. இந்தச் செய்திகளைச் சுமக்கும் குளோபல்ஸ்டார் செய்மதிகள் சுமார் 1,400 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 24,000 கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் ஓடுகின்றன. போனுக்குள் இருக்கும் அன்ரெனாவோ மிகச் சிறியது. வானம் திறந்திருந்தால் 15 விநாடி அளவில் ஒரு செய்தி போகும் என்கிறது அப்பிள். இலேசான இலைக்கூட்டம் என்றாலே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அடர்ந்த காட்டுக்குள் போகாமலே விடலாம். மலைச்சுவரும் செங்குத்துப் பாறையும் அப்படித்தான். தலைக்கு மேல் செய்மதி இல்லாத சில நிமிடங்களும் உண்டு. அப்போது காத்திருக்கச் சொல்லும். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. சாதாரணமாகக் கையில் வைத்துக்கொண்டு, திரை காட்டும் பக்கம் திரும்பினால் போதும்.

இன்னொரு பிழையும் விட்டோம். செய்தி போய்விட்டது என்ற நிம்மதியில் தம்பி போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். மறுமுனையில் இருந்தவர் "நடக்க முடிகிறதா, இரத்தம் போகிறதா" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பைக்குள் கிடந்த போனுக்கு அது வந்து சேரவில்லை. இருபது நிமிடம் கழித்துக் கரைக்குத் திரும்பிப் போனபோதுதான் பார்த்தோம். இது அழைப்பு அல்ல, எழுத்தில் நடக்கும் உரையாடல். ஒவ்வொரு பதிலுக்கும் திரும்பவும் வானத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே ஒருவரைப் போனோடு திறந்த வெளியில் இருத்துங்கள். சுருக்கமான ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

அவசர நிலையம் எழுத்துச் செய்தியை ஏற்காத இடமாக இருந்தால், இடைநிலையத்தில் இருப்பவர்கள் வாசித்து, உங்களுக்காகத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்கள். முதற் செய்தியோடு நீங்கள் நிற்கும் இடமும் பற்றரி அளவும், பதிந்து வைத்திருந்தால் 'Medical ID'-யும் சேர்ந்தே போகும். அதற்குப் பிறகு வரவேண்டியது மனிதர்கள். அவர்கள் வள்ளத்தில்தான் வரவேண்டும் என்றால் வள்ளத்தின் வேகத்தில்தான் வருவார்கள். அண்ணரிடம் ஆட்கள் வந்து சேர இரண்டரை மணிநேரம் ஆனது. அதுவரை அவரைக் குளிராமல் வைத்திருந்தது ஒரு உறங்குபை, போன் அல்ல.

புறப்படுமுன் வீட்டு முற்றத்தில் நின்று 'Settings' → 'Emergency SOS' → 'Try Demo' என்பதை ஒருமுறை செய்து பாருங்கள். 911-க்கு எதுவும் போகாது. பிள்ளைகளையும் செய்யவிடுங்கள், விழுவது போன் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவின் இப்படியான ஐபோனும் இங்கே வேலைசெய்யும். சீனாவிலோ ஹொங்கொங்கிலோ வாங்கியது என்றால் செய்யாது. யூக்கோனுக்கும் அதற்கு வடக்கேயும் போகிறவர்கள் கவனியுங்கள்: 62 பாகை அகலக்கோட்டுக்கு மேலே இது கைவிடலாம். அங்கே போகிறவர்களும் தனியே போகிறவர்களும் 406 மெகாஹேர்ட்ஸ் அவசரக் கருவி ஒன்றைக் கனேடியப் பதிவேட்டில் பதிந்து கொண்டுபோங்கள். அதில் உரையாட முடியாது, ஆனால் அதன் பற்றரியைப் பாட்டுக் கேட்டே தீர்த்துவிடவும் முடியாது.

போகும் ஏரிகளின் பெயர், கூடாரமடிக்கும் இடங்கள், திரும்பும் நாள், நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். எத்தனை மணிக்குள் நீங்கள் வராவிட்டால் 911-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.