கணக்கு நொடியில் முடியும். தரவு வரத்தான் தாமதம்

போர்க்கள விளையாட்டு ஒன்றைத் தாங்களே நிரல் எழுதி உருவாக்கும் மாணவர்கள் ஒரு கட்டத்தில் திகைத்துப் போவார்கள். நூறு வீரர்களோடு சீராக ஓடிய விளையாட்டு, பத்தாயிரம் வீரர்களை இறக்கியதும் திணறும். ‘கணினி பழசு’ என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கருத்து: வீரர்களின் தரவு நினைவகத்தில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது?

கணினியின் செயலி ஒரு கூட்டலை ஒரு நானோவினாடிக்குள் முடித்துவிடும். ஆனால், கூட்ட வேண்டிய எண் ரேம் நினைவகத்திலிருந்து வந்து சேர ஏறக்குறைய 100 நானோவினாடி ஆகலாம். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் செயலிக்குள் ‘கேஷ்’ எனும் சிறிய, வேகமான நினைவகம் இருக்கிறது. நாம் 4 பைட் கேட்டாலும், பெரும்பாலான கணினிகளில் அக்கம்பக்கத்துத் தரவையும் சேர்த்து 64 பைட் ஒரே கட்டாகக் கேஷுக்கு வரும். அந்தக் கட்டில் எவ்வளவு நமக்குப் பயன்படுகிறது என்பதே வேகத்தை முடிவு செய்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான பாடமுறைப்படி ஒவ்வொரு வீரரையும் ஓர் ஆப்ஜெக்டாக எழுதுகிறோம். பெயர், உயிர்ப்புள்ளி, ஆயுதம், இடம், திசைவேகம் எல்லாம் சேர்ந்து 256 பைட் என்று வைத்துக்கொள்வோம். வீரரை நகர்த்தத் தேவைப்படுபவை நான்கே எண்கள். அதாவது 16 பைட். அவை ஆப்ஜெக்டின் இரு மூலைகளில் இருந்தால், ஒருவருக்கு இரண்டு கட்டுகள் வேண்டும். பத்தாயிரம் பேருக்கு 20,000 கட்டுகள். ஆப்ஜெக்டுகள் ரேமில் சிதறிக் கிடந்து, ஒவ்வொரு கட்டுக்கும் செயலி காத்திருக்கும் மோசமான நிலையில் 2 மில்லிவினாடி போய்விடும். விநாடிக்கு 60 காட்சிகள் ஓட வேண்டுமானால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி மட்டுமே. இதுபோல் பத்து வேலைகள் இருந்தால், 20 மில்லிவினாடி ஆகி விளையாட்டு தடுமாறும்.

நாற்பது மாணவர்களின் உயரத்தை மட்டும் அறிய, அலுவலகத்திலிருந்து நாற்பது கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வரும் ஆசிரியரின் நிலை இது. உயரங்கள் ஒரே தாளில் இருந்தால் ஒருமுறை நடந்தால் போதும்.

அந்த ஒரே தாளைத் தருவதுதான் ‘எண்டிட்டி கம்போனன்ட் சிஸ்டம்’ எனும் முறை. இதில் வீரர் என்பவர் வெறும் ஓர் அடையாள எண். அவருடைய தரவு, வகைவாரியாகத் தனித்தனி வரிசைகளில் இருக்கும். ஒவ்வொரு வேலையும் தனக்குத் தேவையான வரிசைகளை மட்டும் தொடும். நகர்த்தும் வேலை இவ்வளவுதான்:

```
for (int i = 0; i < n; i++) {
    x[i] += vx[i] * dt;
    y[i] += vy[i] * dt;
}
```

இப்போது பத்தாயிரம் பேருக்குத் தேவை 1,60,000 பைட். அதாவது 2,500 கட்டுகள். முன்பைவிட எட்டில் ஒரு பங்கு. அவை தொடர்ச்சியாக இருப்பதால் செயலி அடுத்த கட்டை முன்கூட்டியே வரவழைத்துவிடும். கணக்கு மாறவில்லை, காத்திருப்புதான் குறைந்தது.

இந்த மாற்றத்தில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு வீரர் இறந்தால் வரிசையில் ஓட்டை விழும். கடைசி வீரரின் தரவை அங்கே நகர்த்தி ஓட்டையை அடைப்பது வழக்கம். ஆனால், எதிரியின் அம்பு ‘37ஆவது இடத்தில் இருப்பவர்’ என்று இலக்கைக் குறித்து வைத்திருந்தால், அது புதிதாக அங்கே வந்தவரைத் துரத்தும். ஆகவே, வரிசை இடத்தைச் சேமிக்கக் கூடாது. மாறாத அடையாள எண்ணைச் சேமித்து, அவர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைத் தனி அட்டவணையில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எல்லா நிரலையும் இப்படி மாற்ற வேண்டுமா? வேண்டாம். நூறு வீரர்களின் ஆப்ஜெக்டுகள் 25,600 பைட்தான். அவை கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே பலன் தெரியாது. ஒவ்வொரு வீரரும் மற்ற எல்லாரோடும் மோதுகிறாரா என்று சோதிக்கும் நிரலுக்கும் அடுக்குமுறை மட்டும் போதாது. சோதனைகளின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டும்.

எனவே முதலில் அளந்து பாருங்கள். நகர்த்தும் வேலைக்கு மட்டும், நூறு பேருக்கும் பத்தாயிரம் பேருக்கும் ஆகும் நேரத்தைக் குறித்து, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சூத்திரம் ஒன்றாக இருந்தும் தலைக்கு ஆகும் நேரம் பல மடங்கு ஏறினால், செயலி தரவுக்காகக் காத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போதும் இடம், திசைவேகம் இரண்டை மட்டும் முதலில் பிரித்து, மீண்டும் அளங்கள். புதுக் கணினிக்குப் பணம் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.