கோவிக்காதீங்க, ராத்தா!

காத்தான்குடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஒவ்வொரு தவணைப் பரீட்சை முடிந்ததும் பக்கத்து வகுப்பு ஆசிரியை தனது புள்ளிப்பட்டியலையும் உங்களிடமே தந்துவிடுகிறார். மறுக்க முடியாமல் இரவு விழித்து எழுதுகிறேன் என்கிறீர்கள்.

"இன்று வேலை இருக்கிறது" என்று சொல்லியும் பலனில்லையாம். அது சாக்கு, மறுப்பல்ல. நாளை வேலை இருக்காதே என்று அவர் மறுநாளும் வரத்தான் செய்வார். மேலும், பட்டியலில் கையொப்பமிடுபவர் அவர். கூட்டலில் பிழை வந்தால் பெற்றோர் அவரைத்தான் கேட்பார்கள். அவரோ உங்களைப் பார்ப்பார்.

ஆகவே அடுத்த பரீட்சைக்கு முன்பே, மற்றவர்கள் இல்லாத வேளையில் சொல்லுங்கள்:

"கோவிக்காதீங்க, ராத்தா. இந்தத் தவணையிலிருந்து உங்கட பட்டியல என்னால எழுத ஏலாது. நீங்க எழுதி முடிச்சா, கூட்டல ஒருக்கா சரிபார்த்துத் தாறன்."

"இந்த ஒருமுறை மட்டும்" என்பார். புதிய காரணம் தேடாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் பதில் இருக்கும். அதே வார்த்தையையே மீண்டும் சொல்லுங்கள். தாள்களை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனால் அன்றே திருப்பிக் கொடுங்கள். இரண்டு பெயர் எழுதினாலும் முழுதும் எழுதச் சம்மதித்ததாகிவிடும்.

அவர் நோயில் கிடந்தால் உதவுங்கள். அது குணமாகும் வரைதான்; இதற்கோ முடிவில்லை.

சில நாள் முகம் கோணக்கூடும். நீங்கள் வழக்கம்போல ஸலாம் சொல்லுங்கள், பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடியுங்கள். மறுத்தது வேலையைத்தான், தன்னையல்ல என்பது அவருக்கு விளங்கும்.